கேட்டிலும் கதவிலும் சமையலறையிலும்: அடுக்குமாடிக் குடியிருப்பில் மரியாதையாக அழைப்பது பற்றிய கேள்விகள்

பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறேன், தலையசைக்கிறேன். அதற்கு மேல் என்ன எதிர்பார்க்கிறார்கள்?

தமிழில் மரியாதை பெரும்பாலும் வினைச்சொல்லின் முடிவில்தான் இருக்கிறது. காலையில் சிரித்துவிட்டு, மாலையில் காருக்குள் இருந்தபடியே "கேட்டைத் திற" என்று சொன்னால், கேட்டவர் மனதில் நிற்பது மாலையில் சொன்னதுதான். "திற" என்பதைத் "திறங்க" என்று சொல்ல நமக்குக் கூடுதலாக எதுவும் செலவாவதில்லை. ஆனால் புதுச்சேரி ரெட்டியார்பாளையத்திலோ கடலூர் மஞ்சக்குப்பத்திலோ உள்ள ஒரு சாதாரணக் குடியிருப்பில், வண்டி நிறுத்தும் இடத்தின் ஓரமாக, மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் காவலர், அந்த ஒரு சொல்லை வீட்டுக்கு வீடு, நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கிறார். யார் "ங்க" சேர்த்துப் பேசுகிறார்கள், யார் சேர்ப்பதில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

என்ன சொல்லித் தொடங்குவது என்றால், "வணக்கம்" சொல்வதில் தவறில்லை. தினமும் நான்கு முறை கடந்துபோகிறவரிடம் அது சற்று விறைப்பாகத் தோன்றலாம். நம் பக்கத்தில் இயல்பாகச் சொல்வது "என்னண்ணா, டீ ஆச்சா?", "சாப்டீங்களா?", வெளியே கிளம்பும்போது "வரேண்ணா" என்பவைதான். "சாப்டீங்களா" என்று கேட்டால் பதிலுக்காக ஒரு நொடி நிற்க வேண்டும். காதில் போனை வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, அவர் வாய் திறப்பதற்குள் லிஃப்டில் ஏறிவிடுவது கேட்காமல் இருப்பதைவிட மோசமானது.

நான் பாசத்தோடுதான் "நீ", "வா" என்று பேசுகிறேன். அம்மாவைக்கூட நாம் "நீ" என்றுதானே சொல்கிறோம்?

உண்மைதான். புதுச்சேரி, கடலூர் வீடுகளில் அம்மாவை "நீ" என்பதும், சொந்த அண்ணனிடம் "நீ வாண்ணா" என்பதும் வழக்கம். அங்கே ஒருமை நெருக்கத்தின் அடையாளம். ஆகவே ஒருமையில் பேசினாலே அவமதிப்பு என்று முடிவுகட்ட முடியாது. அது பாசமா, படிநிலையா என்று கண்டறிய ஒரே ஒரு சோதனை போதும்: அதே "நீ"யை அவர் உங்களுக்குத் திருப்பிச் சொல்ல முடியுமா?

உங்கள் அண்ணனும் உங்களை "நீ" என்கிறார், அம்மாவும் "நீ" என்கிறார். ஆனால் உங்களைவிடப் பத்து வயது மூத்த காவலர் உங்களை "சார்" என்றும் "நீங்க" என்றும் அழைக்க, நீங்கள் அவரை "நீ" என்றால், அந்தச் சொல் ஒரு திசையில் மட்டும் போகிறது. ஒரு திசையில் மட்டும் போகும் ஒருமையை நம் ஊரில் யார் யாரிடம், எந்தக் காரணத்தால் காலங்காலமாகப் பயன்படுத்தினார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பண்ணையாரின் வாசலில் நின்ற எழுபது வயது முதியவரைப் பண்ணையாரின் பத்து வயது மகன் பெயர் சொல்லி ஒருமையில் கூப்பிட்ட வழக்கம் இந்த மாவட்டங்களில் நினைவுக்கு எட்டாத பழங்கதை அல்ல. நீங்கள் அதை நினைத்துப் பேசாமல் இருக்கலாம். கேட்பவருக்கு அது நினைவுக்கு வராமல் இருக்கும் என்று சொல்ல முடியாது.

சில வீடுகளில் பல ஆண்டுகளாக வேலைக்கு வரும் மூத்த பெண்மணி, வீட்டுக்காரப் பெண்ணை "என்னடி, இன்னும் சாப்பிடலயா?" என்று உரிமையோடு கடிந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். அங்கே இருவரும் ஒருவரையொருவர் "நீ" என்று பேசிக்கொள்வதில் யாரும் தலையிடத் தேவையில்லை.

வாட்ச்மேனை என்னவென்று கூப்பிடுவது? பெயரைக் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாரோ?

பெயரைக் கேட்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, நம் பெயரை முதலில் சொல்லிவிட்டுக் கேட்டால். "என் பேரு இது, மூணாவது மாடியில இருக்கோம். உங்க பேருண்ணா?" என்பது போதும். பெயர் தெரிந்தபின் அதோடு அண்ணா, ஐயா, அக்கா என்று ஏதாவதொன்றைச் சேர்த்து அழைக்கலாம். வயதில் உங்களைவிட இளையவராக இருந்தால் "தம்பி" என்று சொல்லலாம், ஆனால் அதோடும் "வாங்க, போங்க"தான் வர வேண்டும். "தம்பி, கொஞ்சம் வாங்க" என்பது தமிழில் மிக இயல்பான வாக்கியம்.

பகலில் ஒருவர், இரவில் ஒருவர் என்று முறை மாறும் இடங்களில், இருவரின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, எங்கள் குடியிருப்பில் மின்சாரம் இல்லாத இருட்டில், கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது, பலர் பால்கனியில் நின்று "வாட்ச்மேன்! வாட்ச்மேன்!" என்று கூவினார்கள். ஒருவருடைய போனில் "வாட்ச்மேன்", "வாட்ச்மேன் புது", "வாட்ச்மேன் நைட்" என்று மூன்று எண்கள் இருந்தன. அன்று கீழே தனியாக நின்றுகொண்டிருந்தவர் அவற்றில் யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

ஊரைக் கேட்கும்போது மட்டும் கவனம் வேண்டும். "எந்த ஊரு?" என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்கடுத்து "ஊர்ல எந்தப் பக்கம்? எந்தத் தெரு?" என்று கேட்டால், கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தக் கேள்வியின் பொருள் உடனே புரிந்துவிடும். ஊர் ஒருபுறமும் காலனி ஒருபுறமுமாகப் பிரிந்து கிடக்கும் கிராமங்களில் தெருவைக் கேட்பது சாதியைக் கேட்பதுதான். தெரியாமல் கேட்டேன் என்று சொல்வதால் அவருடைய சங்கடம் குறையாது.

வடமாநிலங்களிலிருந்தோ நேபாளத்திலிருந்தோ வந்தவரானாலும் இதே முறைதான். "கூர்க்கா", "இந்திக்காரன்" என்பவை பெயர்கள் அல்ல. சினிமா பார்த்து இந்தி கற்றுக்கொண்டவர்கள் எல்லோரிடமும் "தும்" என்று பேசுகிறார்கள். நம் "நீங்கள்" அங்கே "ஆப்". அந்த ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டால், மீதியைப் பாதித் தமிழில் பேசினாலும் குறையொன்றுமில்லை.

நாங்கள் உள்ளே வரும்போது அவர் எழுந்து நிற்பதில்லை. சங்கத்தில் புகார் சொல்லலாமா?

சொல்ல வேண்டாம். அவர் கேட்டைத் திறக்க வேண்டும், அந்நியர் வந்தால் விசாரிக்க வேண்டும். எழுந்து நிற்பது அந்த வேலையில் சேராது. நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி செய்துதர வேண்டும் என்று, கடை ஊழியர்களுக்காகத் தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு கடைகள், நிறுவனங்கள் சட்டத்திலேயே திருத்தம் கொண்டுவந்தார்கள். குடியிருப்பின் கேட் கடை அல்லவென்றாலும் கால் வலி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். சங்கத்தில் பேசுவதென்றால், அவருடைய நாற்காலிக்கு முதுகு சாய்மானம் இருக்கிறதா, மழைச்சாரல் அடிக்காத இடமா, அவர் பயன்படுத்தக் கழிப்பறை இருக்கிறதா என்று பேசலாம்.

எங்கள் பையனுக்கு எட்டு வயது. "வாட்ச்மேன், பந்தை எடுத்துக் கொடு" என்று கத்துகிறான். எத்தனை முறை சொன்னாலும் திருந்தவில்லை.

எங்கள் குடியிருப்பிலேயே இதே போன்ற ஒரு குடும்பம் இருந்தது. அவர்கள் செய்ததைச் சொல்வது எந்த அறிவுரையையும்விடப் பயன்படும்.

பையன் பந்து விளையாடுவான். பந்து கார்களுக்கு அடியில் போனால், காவலரின் பெயர் தெரியாமல் "வாட்ச்மேன்" என்று கூவி, எடுத்துக் கொடுக்கச் சொல்வான். அவன் அம்மா மாடியிலிருந்து "மரியாதையா பேசு" என்பார். அவன் "சரி" என்பான், மறுநாளும் அதேதான். ஒருநாள் அவன் அப்பா வீட்டிலிருந்து கீழே போன் செய்து "வாட்ச்மேன், மோட்டார் போடு, தண்ணி வரல" என்று சொல்வதை அம்மா கவனித்தார். பையன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அப்பாவின் வாக்கியத்தில் மோட்டாரை எடுத்துவிட்டுப் பந்தை வைத்திருக்கிறான்.

முதலில் பெரியவர்கள் இருவரும் போனில் பேசும் முறையை மாற்றிக்கொண்டார்கள். "அண்ணா, தண்ணி வரல, கொஞ்சம் மோட்டார் போடுறீங்களா?" என்று, பையன் காதுபட. சில நாள் கழித்து அப்பா அவனைக் கீழே அழைத்துக்கொண்டு போனார். "இவனுக்கு உங்கள என்னன்னு கூப்பிடணும்னு தெரியலண்ணா. தாத்தான்னு கூப்பிடச் சொல்லவா?" என்று காவலரிடமே கேட்டார். அவருக்கு ஐம்பது வயதுதான் இருக்கும், முடி மட்டும் முன்னதாகவே நரைத்திருந்தது. அவர் சிரித்துவிட்டு, "தாத்தாலாம் வேணாம் சார், மாமான்னு கூப்பிடட்டும்" என்றார். கேட்காமல் விட்டிருந்தால், மரியாதை என்று நினைத்துக்கொண்டே அவருக்குப் பிடிக்காத ஒன்றைப் பையனின் வாயில் பழக்கியிருப்பார்கள்.

அதன்பின்னும் பையன் சில முறை பழையபடி கூவினான். அப்போது அம்மா எல்லோர் எதிரிலும் அவனை இழுத்துவந்து "ஸாரி சொல்லு" என்று சொல்லவில்லை. அப்படிச் செய்தால் குழந்தை அழும், காவலர் "பரவால்லமா, சின்னப் பிள்ளைதானே" என்று சமாதானம் சொல்ல வேண்டியதாகிவிடும், அவருக்குத்தான் கூடுதல் வேலை. பையனிடம் மெதுவாக "என்னன்னு கூப்பிடணும்?" என்று மட்டும் கேட்டு, திரும்பச் சொல்ல வைத்தார். கார்களுக்கு அடியில் போகும் பந்தை அவனே எடுக்க வேண்டும், எட்டாவிட்டால் மட்டும் உதவி கேட்கலாம் என்றும் சொல்லிவிட்டார். பந்து பொறுக்குவது காவலரின் வேலை அல்ல என்பதைப் பையன் அப்போதுதான் முதன்முறையாகக் கேள்விப்பட்டான்.

டெலிவரி கொடுக்க வருகிறவர் அரை நிமிடம்தான் நிற்கிறார். அதற்குள் என்ன முகமன்?

அந்த அரை நிமிடத்துக்கு முன்னால் ஒரு போன் அழைப்பு இருக்கிறது, தவறு பெரும்பாலும் அதில்தான் நடக்கிறது. முகம் தெரியாத ஒருவரிடம் "எங்க இருக்க? இன்னும் எவ்ளோ நேரம்?" என்று எடுத்த எடுப்பில் கேட்கிறோம். "எங்க இருக்கீங்க?" என்று கேட்டு, "நூறடி ரோட்டுலருந்து உள்ள வந்தா இரண்டாவது இடது, கேட் நீல கலர்" என்று தெளிவாக வழி சொன்னால், அவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேண்டியதில்லை. நேரத்துக்கு நேரம் கணக்குப் பார்க்கப்படும் வேலையில் இருப்பவரைச் சந்து சந்தாக அலைய விட்டுவிட்டு, வந்தபின் "வாங்க" என்று சிரிப்பதில் பயனில்லை.

கதவைத் திறந்து, முகம் பார்த்து, பொருளைக் கையால் வாங்கிக்கொண்டு "தேங்க்ஸ்ங்க" என்றாலே போதும். ஓடிபி எண்ணைக் கதவுக்குப் பின்னாலிருந்து கத்துவதைத் தவிர்க்கலாம். சித்திரை, வைகாசி வெயிலில் வருகிறவரிடம் "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்கலாம், வேண்டாமென்றால் வற்புறுத்தாமல் விட்டுவிட வேண்டும், அவருக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. கம்பெனிப் பெயரோடு "காரன்" சேர்த்து, "அந்தக் காரன் வந்துட்டானா?" என்று வீட்டுக்குள் கேட்பது கதவுக்கு வெளியேயும் கேட்கும். இப்போது பெண்களும் இந்த வேலைக்கு வருகிறார்கள், நாற்பது வயதைத் தாண்டியவர்களும் வருகிறார்கள். "டெலிவரி பாய்" என்பது அவர்களில் பலருக்குப் பொருந்தவே பொருந்தாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேட்டில் காவலரும் டெலிவரி ஊழியரும் அடிக்கடி மோதிக்கொள்கிறார்கள். வண்டியை வெளியே நிறுத்து, நோட்டில் எழுது, லிஃப்டில் போகாதே என்று காவலர் அதட்டுவது அவருடைய குணத்தால் அல்ல, பெரும்பாலும் நாம் போட்ட விதியால். அந்தச் சண்டையில் நாம் நடுவர் அல்ல, காரணகர்த்தா.

வீட்டு வேலைக்கு வருகிறவரை முகத்துக்கு நேரே "அக்கா" என்றுதான் அழைக்கிறேன். அது போதாதா?

நேரில் அழைப்பதோடு, அவர் இல்லாதபோது எப்படிக் குறிப்பிடுகிறோம் என்பதும் சேர்ந்ததுதான் மரியாதை. "அக்கா, வாங்க" என்று கதவைத் திறந்துவிட்டு, போனில் தோழியிடம் "அது இப்பதான் வந்துச்சு, நாளைக்கு லீவு கேக்குது" என்று சொல்வது பல வீடுகளில் அன்றாடம் நடப்பது. சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையில் இருப்பது ஒரு சுவர்தான். "அவங்க வந்தாங்க" என்று சொல்லிப் பழகினால் போதும், யார் காதில் விழுந்தாலும் கவலையில்லை. "வேலைக்காரி" என்ற சொல்லையும் விட்டுவிடலாம். தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டு இவர்களுக்காக அமைத்த நலவாரியத்துக்கே "வீட்டுப் பணியாளர்கள்" என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

"அக்கா" என்ற சொல்லுக்கும் ஓர் எல்லை உண்டு. உறவுமுறை சொல்லி அழைத்துவிட்டு, "அக்கா, இன்னிக்கு மட்டும் விருந்தாளிங்க பாத்திரத்தையும் தேய்ச்சுக் குடுத்துடுங்க" என்று சம்பளமில்லாத வேலையைக் கேட்பதும், ஐந்தாம் தேதி தர வேண்டிய பணத்தை "நம்ம அக்காதானே" என்று பன்னிரண்டாம் தேதி வரை இழுப்பதும், அந்த உறவுமுறையைக் கெடுத்துவிடுகின்றன. கூடுதல் வேலைக்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிட்டால் "அக்கா" என்ற சொல் சொல்லாகவே இருக்கும்.

அடுத்தது தம்ளர். பல சமையலறைகளில், ஜன்னல் திண்டிலோ சிங்குக்கு அடியிலோ, வேலைக்கு வருகிறவருக்கென்று ஓரம் நசுங்கிய ஓர் எவர்சில்வர் தம்ளர் தனியாக இருக்கிறது. வீட்டில் எல்லோர் தம்ளரையும் கழுவி அடுக்குகிறவர் அவர்தான். ஆனால் தனக்கான டீயை அந்த ஒன்றில் மட்டும் குடித்துவிட்டு, அதை மட்டும் தனியாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். "சுத்தத்துக்காக" என்று சொல்கிறோம், "நோய் தொற்றும்" என்கிறோம். விருந்தாளிகள் குடித்த தம்ளரைத் தனியாக வைக்கிறோமா என்று கேட்டுக்கொண்டால் காரணம் என்னவென்று தெரிந்துவிடும். தீண்டாமையை எந்த வடிவிலும் கடைப்பிடிக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. டீக்கடைகளின் இரட்டைக் குவளையை எதிர்த்துத் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் போராடியிருக்கிறார்கள். அதே குவளை நம் சமையலறைத் திண்டில் இருக்கும்போது, "அக்கா" என்று எவ்வளவு இனிமையாக அழைத்தாலும் அவர் அதை நம்பப்போவதில்லை.

எங்கள் லிஃப்ட் அருகே "வேலைக்காரிகள், டெலிவரி பாய்கள் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. மீறினால் வாட்ச்மேனே பொறுப்பு" என்று ஒட்டியிருக்கிறார்கள். இதை எப்படி மாற்றச் சொல்வது?

எழுதியவரைக் குற்றம் சாட்டாமல், எதற்காக எழுதினீர்கள் என்று முதலில் கேளுங்கள். லிஃப்ட் அடிக்கடி பழுதாகிறது, தண்ணீர் கேன் ஏற்றும்போது தரை நனைகிறது என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். அப்படியானால் அறிவிப்பு பேச வேண்டியது எடையையும் ஈரத்தையும் பற்றி. "லிஃப்டில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஏற வேண்டாம். தண்ணீர் கேன் ஏற்றினால் தரையைத் துடைத்துவிடவும். பழுது தெரிந்தால் செயலாளருக்கு உடனே சொல்லவும்" என்று எழுதினால், அது வீட்டுக்காரருக்கும் பொருந்தும், வேலைக்கு வருகிறவருக்கும் பொருந்தும். அடுத்தவர் ஏறியதற்குக் காவலரைப் பொறுப்பாக்கும் வரி தானாகவே தேவையற்றுப்போகும்.

எடை, ஈரம் எதுவும் காரணமில்லை, "அவர்களோடு ஒன்றாக ஏற விரும்பவில்லை" என்பதுதான் காரணம் என்று யாராவது வெளிப்படையாகச் சொன்னால், அதைக் கூட்டத்தில் சொல்லச் சொல்லுங்கள். பத்துப் பேர் முன்னால் அதை எழுந்து சொல்கிறவர்கள் மிகக் குறைவு.

மரியாதை கொடுத்துப் பேசினால், தவறு செய்தபோது கண்டிக்க முடியாமல் போய்விடாதா?

கண்டிப்பதற்கும் ஒருமைக்கும் தொடர்பில்லை. அலுவலகத்தில் மேலதிகாரி நம்மை "நீங்க" என்று சொல்லிக்கொண்டே தவறைச் சுட்டிக்காட்டுகிறார், நமக்குப் புரியாமல் போவதில்லை. "அண்ணா, நேத்து ராத்திரி பதினொரு மணிக்கு வந்தப்ப கேட் திறந்தே இருந்துச்சு, நீங்க இல்ல. என்ன ஆச்சு?" என்று, தனியாக, நடந்ததை மட்டும் சொல்லிக் கேளுங்கள். அவர் கழிப்பறைக்குப் போயிருக்கலாம், மோட்டாரைப் பார்க்கப் போயிருக்கலாம், தூங்கியும் இருக்கலாம். காரணம் தெரிந்தபின் பேச வேண்டியதைப் பேசலாம். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய தூங்கும் படத்தைப் போடுவது எந்தக் காவலையும் பலப்படுத்தாது.

கோபத்தில் வாய் தவறி ஒருமை வருவதுண்டு. கோபம் வந்தால் "நீங்க" என்பது "நீ" ஆகிவிடுகிறதென்றால், மற்ற நாட்களில் கொடுத்த மரியாதையையும் அவர் சந்தேகிப்பார்.

நான் தினமும் பேசுகிறேன். அவர் பதிலுக்குத் தலைகூட அசைப்பதில்லை.

அவருக்கு இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. இரவு முழுக்கக் கண்விழித்தவராக இருக்கலாம், பேச விரும்பாதவராகவும் இருக்கலாம். பேசாமல் இருப்பது அவர் உரிமை. நீங்கள் உங்கள் "வரேண்ணா"வைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பதிலை எதிர்பார்த்து நின்று அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.